பேச்சைத் தொடங்கும் தனிச்சொல்: ‘தேங்க்ஸ்’, ‘சாரி’

இவை இரண்டும் ஒன்றுக்குப் பின்னால் வரும் சொற்கள். ஒருவர் உதவிய பிறகு ‘தேங்க்ஸ்’; நாம் தவறிய பிறகு ‘சாரி’. பல நாள் பேச்சே இல்லாதிருந்து, கைப்பேசியில் அந்த ஒரு சொல் மட்டும் வந்து விழுந்தால், படிப்பவர் மனம் உடனே பின்னோக்கிப் போய் ‘எதற்கு?’ என்று தேடும்.

ஆங்கிலத்தில் ‘தேங்க்’ என்பதும் நினைப்பதைக் குறிக்கும் ‘திங்க்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ‘உன்னை நல்லெண்ணத்தோடு நினைக்கிறேன்’ என்று சொல்பவரின் மனத்தையே அது காட்டுகிறது. தமிழ் ‘நன்றி’ வேறு பக்கம் நிற்கிறது. ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்னும் குறளில் (108) நன்றி என்பது பிறர் செய்த உதவிதான். அதை உணர்வது நன்றியறிதல். இன்று ‘நன்றி’ அந்த உணர்வையும் சேர்த்துக் குறித்தாலும், பக்கத்தில் உதவியின் பெயர் இருந்தால்தான் நிறைவாகிறது: ‘படிவம் கிடைத்தது, நன்றி.’

‘சாரி’ இன்னும் சிக்கலானது. பழைய ஆங்கிலத்தில் அது ‘வலியுடைய’ என்னும் பொருள் தந்த சொல். அடிப்படையில் ‘எனக்கு வருத்தம்’ என்பதே அதன் பொருள். அதனால்தான் தவறுக்கும், துக்கம் கேட்பதற்கும், காதில் விழாததை மறுபடி சொல்லச் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே போதுகிறது. தமிழில் பிரித்தே சொல்ல வேண்டும். தவறுக்குப் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ அல்லது ‘மன்னியுங்கள்’, துக்கத்துக்கு ‘வருந்துகிறேன்’, காதில் விழாவிட்டால் ‘என்ன சொன்னீர்கள்?’ இறப்புச் செய்திக்கு ‘மன்னிக்கவும்’ என்று எழுதுவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வரும் பிழை.

திங்கட்கிழமை ஒருவரிடம் ஒரு கோப்பு கேட்டிருக்கிறீர்கள். வியாழன் காலை ‘சாரி’ என்று மட்டும் வருகிறது. தாமதத்துக்கு வருந்துகிறாரா, தர முடியாது என்கிறாரா, வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை மாற்றி அனுப்பிவிட்டாரா? மூன்றுக்கும் இடமிருக்கிறது. இங்கே ‘பரவாயில்லை’ என்று பதில் போடுவதுதான் பெரிய ஆபத்து. அவர் மறுத்திருந்தால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ‘கோப்பு தாமதமாகுமா, கிடைக்கவே கிடைக்காதா?’ என்று கேட்டுவிடுவதே நல்லது.

அனுப்புகிறவர் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தவிர்த்திருக்கலாம். எதற்கு என்பதை முன்னால் வைத்து, அடுத்து என்ன என்பதைப் பின்னால் சேர்த்தால் போதும்: ‘திங்கட்கிழமை கேட்ட கோப்பை இன்னும் அனுப்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்.’