பெருக்கினால் படம் ஏன் பொய் சொல்கிறது?

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் இரண்டாம் பாடம் கலப்பெண்கள். கோபி, அந்தியூர், பவானி என்று சுற்று வட்டாரத்திலிருந்து என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் கூட்டல், பெருக்கல் எல்லாம் தடையில்லாமல் போட்டுவிடுவார்கள். அதையே படமாக வரைந்து காட்டச் சொன்னால்தான் சிக்கல். விடையும் படமும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் காரணம் கணக்கில் இருக்காது, கிராஃப் ஷீட்டில் அச்சு போட்ட முறையில் இருக்கும்.

பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் கிராஃப் கணக்கு போட்டுப் பழகிய கை இது. அங்கே x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று தாளுக்குள் அடங்கும்படி இரண்டு அளவுத்திட்டம் எடுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அதே பழக்கம் கலப்பெண் தளத்துக்கும் வந்துவிடுகிறது.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் எண் 2 + i, இரண்டாவது 1 + 3i. மெய்ப்பகுதி படுக்கை அச்சில், கற்பனைப் பகுதி செங்குத்து அச்சில். ஆகவே முதல் எண் (2, 1) என்ற புள்ளி, இரண்டாவது (1, 3) என்ற புள்ளி. ஆதியிலிருந்து இரண்டுக்கும் அம்புக்குறி போட்டு இழுங்கள்.

கூட்டல் சுலபம். முதல் அம்பின் நுனியில் இரண்டாவது அம்பின் வாலை வையுங்கள், திசையும் நீளமும் மாறக் கூடாது. போய்ச் சேரும் இடம் 3 + 4i. இன்னொரு வரிசையில் வைத்தாலும் அங்கேதான் சேரும், இரண்டு வழியும் சேர்ந்து ஓர் இணைகரம் ஆகும். கவனிக்க வேண்டியது நீளத்தை. முதல் அம்பு √5, அதாவது 2.24 அலகு. இரண்டாவது √10, 3.16 அலகு. இரண்டையும் கூட்டினால் 5.4 வருகிறது, ஆனால் 3 + 4i-இன் மட்டு சரியாக 5. இரண்டு அம்பும் ஒரே திசையில் நின்றால் மட்டுமே நீளங்கள் அப்படியே கூடும்.

இது தோட்டத்து மோட்டாருக்கும் பொருந்தும். சிங்கிள் பேஸ் லைனில் ஒரு ஹீட்டர் 4 ஆம்பியர் இழுக்கிறது, பக்கத்தில் ஒரு மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும். பவர் பேக்டர் 0.6 என்றால் அதை 3 − 4i என்று எழுதலாம். ஹீட்டருடையது வெறும் 4. கூட்டினால் 7 − 4i, மட்டு √65. மெயின் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 9 காட்டாது, 8.1 பக்கம்தான் காட்டும். ஐடிஐ படிக்கும் ஒரு பையன் மீட்டர் கெட்டுப்போச்சுங்களா என்று என்னிடம் கேட்டிருக்கிறான்.

சரி, பெருக்கலுக்கு வருவோம். (2 + i)(1 + 3i) = 2 + 6i + i + 3i². i² என்பது −1, ஆகவே விடை −1 + 7i. இந்த 7தான் வினை. y அச்சு ஏழு வரை ஏற வேண்டும் என்றதும் பிள்ளைகள் y அச்சை மட்டும் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

அப்படிச் சுருக்கிய தாளில் பாகைமானியை வையுங்கள். முதல் அம்பு 14°, இரண்டாவது 56°, பெருக்கற்பலன் 106° காட்டும். பெருக்கும்போது வீச்சுகள் கூட வேண்டும் என்று படித்திருக்கிறோம், ஆனால் 14-ம் 56-ம் 70தானே? “ஏனுங் சார், விதி தப்புங்களா?” என்று போன வருடம் ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டாள். “விதி சரிதான் கண்ணு, தாள்தான் கோணல்” என்றேன். இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு என்று மறுபடி போட்டதும் 26.6°, 71.6°, கூடினால் 98° சொச்சம். −1 + 7i-யும் அங்கேதான் நிற்கிறது. நீளமும் √5 × √10 = √50, சுமார் 7.07.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அச்சைச் சுருக்கினாலும் கூட்டலுக்கு ஒன்றும் ஆகாது, இணைகரம் இணைகரமாகவே இருக்கும், புள்ளியும் சரியான இடத்தில் விழும். அதனால் கூட்டல் படத்தைச் சரியாக வரைந்த பிள்ளை, தாளின் மேல் சந்தேகமே படாமல் அதே தாளில் பெருக்கலுக்குப் போகிறது. பெருக்கல் என்பது சுழற்சி. சுழற்சிக்குச் செங்கோணம் செங்கோணமாகவே தெரிய வேண்டும், அச்சைச் சுருக்கினால் முதலில் கெடுவது அதுதான்.

பாகைமானி இல்லாமலும் பெருக்கலை வரையலாம், எனக்கு அதுதான் பிடித்த முறை. 2 + i-ஐ i-ஆல் பெருக்கினால் −1 + 2i, அதாவது அதே அம்பு ஆதியைச் சுற்றி இடப்பக்கமாகக் கால் சுற்று திரும்பியது, நீளம் மாறவில்லை. இப்போது 1 + 3i-ஆல் பெருக்க வேண்டுமென்றால், பழைய அம்பு ஒரு பங்கு, திரும்பிய அம்பு மூன்று பங்கு. 2 + i-இன் நுனியிலிருந்து −1 + 2i அம்பை மூன்று முறை தொடர்ச்சியாக வையுங்கள். (2, 1)-லிருந்து (1, 3), அப்புறம் (0, 5), அப்புறம் (−1, 7). வந்துவிட்டது. எண்கள் முழு எண்களாக இருந்தால் கட்டம் எண்ணியே முடித்துவிடலாம். முதல் தாவலில் (1, 3) வழியே போனது தற்செயல்தான், எல்லாக் கணக்கிலும் அப்படி வராது. டென்மார்க்கில் நில அளவை செய்த வெஸ்ஸல் 1797-லேயே கலப்பெண்களை இப்படித் திசையுள்ள கோடுகளாகப் பார்த்தார். ஆனால் தளத்துக்குப் பெயர் 1806-ல் எழுதிய ஆர்கண்டுக்குப் போய்விட்டது.

அடுத்து கால்குலேட்டர். −1 + 7i-இன் வீச்சைக் கேட்டு tan⁻¹(7/−1) என்று அடித்தால் −81.87° வரும். படத்தைப் பார்த்தால் புள்ளி இரண்டாம் கால்பகுதியில் மேலே நிற்கிறது, கோணம் மட்டும் கீழ்நோக்கிப் போகிறது. வகுத்ததும் குறி எந்த எண்ணுடையது என்பது தொலைந்துவிட்டது. 1 − 7i-க்கும் இதே −81.87°தான் வரும். மெய்ப்பகுதி குறை எண்ணாக இருந்தால் 180°-ஐச் சேருங்கள், இங்கே 98.13°. சேர்த்தபின் 180°-ஐத் தாண்டினால் 360°-ஐக் கழித்தால் முதன்மை வீச்சு. வீச்சுகளைக் கூட்டும்போதும் அப்படித்தான். −1 + i-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 135° + 135° = 270°, ஆனால் விடை −2i-இன் முதன்மை வீச்சு −90°. இரண்டும் ஒரே திசைதான், விடைத்தாளில் −90° என்று எழுத வேண்டும்.

போனில் ஜியோஜிப்ரா வைத்திருக்கும் பிள்ளைகள் இதை அடித்துப் பார்க்கலாம்:

```
z_1 = 2 + i
z_2 = 1 + 3i
z_1 + z_2
z_1 * z_2
```

ஒரு அச்சை மட்டும் பிடித்து இழுத்தால் அங்கேயும் தாள் கோணிவிடும். அமைப்புகளில் இரண்டு அச்சின் விகிதத்தை 1 : 1 என்று வைத்துவிட்டு, z_1 புள்ளியை விரலால் நகர்த்தி, பெருக்கற்பலன் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள்.