ராயல் ப்ளூ முதலிலா, ஸ்டீல் ப்ளூ முதலிலா?

நீலத்தைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றைக் கையில் கொடுத்து, வெளிறியதிலிருந்து கருமையானது வரை வரிசைப்படுத்தச் சொன்னால், தமிழ்ச் சொற்களில் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. வெளிர்நீலம், இளநீலம், நீலம், அடர்நீலம், கருநீலம் என்று வரிசை தானாக வந்துவிடும். ஆங்கிலச் சொற்களான லைட் ப்ளூ, ஸ்கை ப்ளூ, ஸ்டீல் ப்ளூ, ராயல் ப்ளூ, நேவி ப்ளூ, மிட்நைட் ப்ளூ ஆகியவற்றைக் கொடுத்தால் இரு முனைகள் மட்டும் எளிதாக அமையும், நடுவில் சண்டை தொடங்கும். இரு மொழிகளும் நிறத்துக்குப் பெயர் வைக்கும் முறை வேறுபடுவதே காரணம்.

தமிழில் நிறத்தின் பெயர் மாறுவதில்லை, அதன் முன்னால் நிற்கும் அடைமொழிதான் மாறுகிறது. 'வெளிர்' என்பது வெளிறுதலோடு தொடர்புடையது, அதாவது நிறம் வெண்மையில் கரைந்த நிலை. 'இளம்' என்பது தளிரின் இளமை. 'அடர்' என்பது நெருக்கம், செறிவு. 'கரு' என்பது கருமை கலந்த நிலை. புணர்ச்சியில் இவை உருமாறும்: இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, கரும்பச்சை. ஆனாலும் எந்த நிறத்தின் முன் வந்தாலும் அவை சுட்டும் திசை ஒன்றே. ஆங்கிலத்திலும் லைட், பேல், டீப், டார்க் என்று இதே வேலையைச் செய்யும் அடைமொழிகள் உண்டு. ஆனால் அன்றாடம் புழங்கும் பல பெயர்கள் பொருள்களிலிருந்து பிறந்தவை. நேவி ப்ளூ என்பது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் சீருடை நிறம், அந்தச் சீருடை 1748-இல் வந்தது. கடற்படை என்ற சொல்லை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது எவ்வளவு கருமையானது என்று தெரியாது. பார்த்துப் பழகியவருக்கு மட்டுமே அந்தப் பெயருக்குரிய இடம் தெரியும்.

நடுவில் வரும் சண்டைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு நிறத்துக்குள்ளேயே இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம்: கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே அது எங்கே நிற்கிறது என்பது. மற்றொன்று செறிவு: சாம்பல் நிறத்திலிருந்து அது எவ்வளவு விலகி, எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பது. வெளிறியதிலிருந்து கருமை வரை என்று வரிசை கேட்கும்போது நாம் கேட்பது முதல் அளவை மட்டும்தான். சொற்களோ இரண்டையும் சேர்த்தே சுமக்கின்றன. தளிரின் இளம்பச்சையும் பலமுறை துவைத்துச் சாயம் போன துணியின் வெளிர்பச்சையும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கலாம், ஆனால் முன்னது பளிச்சென்று இருக்கும், பின்னது மங்கலாக இருக்கும். அடர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் உள்ள வேறுபாடும் இதைப் போன்றது. முன்னதில் சாயம் கூடியிருக்கிறது, பின்னதில் கறுப்பு சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கத் தேசியத் தர அலுவலகம் 1955-இல் வெளியிட்ட நிறப்பெயர் அகராதி இதை வெளிப்படையாகவே பிரித்து வைத்தது. நிறங்கள் அனைத்தையும் 267 வகைகளாகப் பகுத்த அந்த முறையில், பேல் என்றால் செறிவு குறைந்த வெளிர், லைட் என்றால் ஓரளவு செறிவுள்ள வெளிர். டீப் என்பது செறிவு மிகுந்த கருமை, டார்க் என்பது செறிவு குறைந்த கருமை. தமிழில் வெளிர், இளம், அடர், கரு ஆகிய நான்கும் ஏறத்தாழ அதே நான்கு இடங்களில் பொருந்துகின்றன. பேச்சு வழக்கில் வெளிரையும் இளத்தையும், அடரையும் கருவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம் என்பது உண்மை. ஆனால் வரிசைப்படுத்த உட்காரும்போது இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதி வேலைக்கு ஒரு மாதிரி நிறம் வேண்டும், ஓர் அளவுகோலும் வேண்டும். மாதிரிக்கு, இணைய உலாவிகள் புரிந்துகொள்ளும் நிறப்பெயர்களை எடுத்துக்கொள்ளலாம், அவை ஒவ்வொன்றுக்கும் நிலையான குறியெண் உண்டு. அளவுகோலாக L* ஏற்றது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்து, இடையில் உள்ள படிகள் கண்ணுக்கு ஏறக்குறையச் சம இடைவெளியாகத் தெரியும்படி 1976-இல் வகுக்கப்பட்டது இது. குறியெண்ணிலிருந்து அதைக் கணக்கிடச் சில வரிகள் போதும்:

```python
def Lstar(h):
    c = [int(h[i:i+2], 16) / 255 for i in (1, 3, 5)]
    r, g, b = [x/12.92 if x <= 0.04045
               else ((x + 0.055)/1.055)**2.4 for x in c]
    y = 0.2126*r + 0.7152*g + 0.0722*b
    return 116*y**(1/3) - 16 if y > 0.008856 else 903.3*y
```

நம் நீலங்களை இதில் போட்டு, முழு எண்ணாக்கினால் கிடைப்பது:

```
lightblue     #ADD8E6   84
skyblue       #87CEEB   79
steelblue     #4682B4   52
royalblue     #4169E1   48
blue          #0000FF   32
midnightblue  #191970   16
navy          #000080   13
```

கடைசி இரண்டைப் பாருங்கள். நள்ளிரவைவிடக் கருமையான சொல் இருக்க முடியாது என்று நினைத்து மிட்நைட் ப்ளூவைக் கடைசியில் வைப்பவர்கள் அதிகம். உலாவியின் கணக்கில் நேவிதான் அதைவிடக் கருமையானது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ளது 3 மட்டுமே. இவ்வளவு நெருக்கமான இரு சொற்களின் வரிசை, மாதிரி நிறம் சற்றே மாறினாலும் தலைகீழாகிவிடும். அச்சில் ஒரு மாதிரி, துணியில் ஒரு மாதிரி என்றால் முடிவும் மாறும். இத்தகைய இணையை ஒரே படியில் வைப்பதுதான் நேர்மை.

ஸ்டீல் ப்ளூவும் ராயல் ப்ளூவும் இதைவிடச் சுவையான இணை. படம் வரையும் மென்பொருள்களில் நிறத்தேர்வுப் பெட்டியைத் திறந்தால் HSL என்று மூன்று எண்கள் இருக்கும், அதில் L என்பது வெளிச்சம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அதன்படி ராயல் ப்ளூவுக்கு 57, ஸ்டீல் ப்ளூவுக்கு 49. அதாவது ராயல் ப்ளூதான் வெளிறியது. L* அளவுகோலோ இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

காரணம் கணக்கிலேயே தெரிகிறது. HSL செய்வது மிக எளிய வேலை: சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது, அவ்வளவே. எந்த ஒளி கண்ணை எவ்வளவு தாக்குகிறது என்பதை அது பார்ப்பதில்லை. மேலே உள்ள நிரலில் மூன்று ஒளிகளுக்கும் கொடுத்திருக்கும் பங்கைக் கவனியுங்கள்: பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. வெளிச்ச உணர்வில் நீல ஒளியின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. ராயல் ப்ளூவின் எண்கள் 65, 105, 225. ஸ்டீல் ப்ளூவின் எண்கள் 70, 130, 180. ராயலில் நீல ஒளி மிக அதிகம், ஆனால் அதனால் வெளிச்சம் பெரிதாகக் கூடுவதில்லை. ஸ்டீலில் பச்சை 105-க்குப் பதில் 130 இருப்பதுதான் அதை மேலே தூக்கிவிடுகிறது. ஒரு நீலம் வெளிறியதா கருமையானதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் பச்சைதான் என்பது முதன்முறை கேட்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனாலும் இரண்டையும் திரையில் அருகருகே வைத்தால், சிலர் ராயல் ப்ளூதான் பிரகாசமாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஒரே அளவு வெளிச்சமுள்ள இரு நிறங்களில் செறிவு மிகுந்தது நமக்குப் பிரகாசமாகத் தோன்றும். கண்டறிந்த இருவரின் பெயரால் இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கோல்ராஷ் விளைவு என்று பெயர். நீலத்தில் இது நன்றாகவே தெரியும், L* இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே கண்ணால் வரிசைப்படுத்தும்போது இரு நிறங்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடாமல், கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளிறும் சாம்பல் பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்தையும் அதன் மேல் நகர்த்திப் பார்ப்பது நல்லது. நிறத்துக்கும் சாம்பலுக்கும் இடையே உள்ள விளிம்பு எந்தப் படியில் மிக மங்கலாகிறதோ அதுவே அந்த நிறத்தின் இடம். விளிம்பைப் பார்க்கும்போது செறிவின் பளபளப்பு அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. பின்னணியும் நடுச் சாம்பலாக இருக்கட்டும், `#777777` என்ற குறியெண்ணின் L* ஏறக்குறைய 50. வெள்ளைப் பின்னணியில் எல்லா நிறமும் சற்றுக் கருத்தும், கறுப்பில் வெளிறியும் தெரியும்.

அந்தப் பட்டியலில் இன்னொரு குறையும் ஒளிந்திருக்கிறது: அது உண்மையில் ஒரே நிறத்துக்குள் அடங்கவில்லை. நிறச்சக்கரத்தில் ஸ்கை ப்ளூ 197 பாகையில் நிற்கிறது, பச்சையை நோக்கிச் சாய்ந்த நீலம் அது. ஸ்டீல் 207, ராயல் 225, நேவி 240. கருக்கக் கருக்க நிறமும் ஊதாவை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. பொருளின் பெயரைக் கடன் வாங்கும் சொல், அந்தப் பொருளின் சாயலையும் கூடவே கொண்டுவருவதால் இப்படி ஆகிறது. தமிழிலும் வான்நீலம், மயில்கழுத்து போன்ற சொற்களுக்கு இது பொருந்தும். மயில்கழுத்தை நீலத்தின் வரிசையில் வைப்பதா, பச்சையின் வரிசையில் வைப்பதா என்பதே கேள்வியாகிவிடும். அதை வெளியே எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றை அடுக்குவதுதான் சரி. அடைமொழிச் சொற்களில் இந்தச் சிக்கல் குறைவு.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்ல முடியாது. தூய நீலத்தில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் அது வெளிர்நீலமாக மட்டும் ஆவதில்லை, சற்றே ஊதாவாகவும் தெரியத் தொடங்கும். வெள்ளை ஒளி சேரும்போது சாயல் நகரும் இந்த மாற்றத்துக்கு ஆப்னி விளைவு என்று பெயர். நீலத்தின் மாதிரிப் படிகளை நீங்களே தயாரிப்பதாக இருந்தால், வெளிறிய படிகளில் பச்சையைச் சிறிது கூட்டினால்தான் அவை ஒரே நீலமாகத் தெரியும்.

மஞ்சளில் கதையே வேறு. `#FFFF00` என்ற தூய மஞ்சளின் L* 97, வெள்ளைக்கு மிக அருகில். தூய நீலத்தின் 32-க்கு மேலே வெளிர்நீலத்துக்கும் இளநீலத்துக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. மஞ்சளுக்கு மேலே மூன்றே படிகள், வெளிர்மஞ்சள் அங்கே நெருக்கிக்கொண்டுதான் நிற்கிறது. கீழே இடம் நிறைய உண்டு, ஆனால் கறுப்பைச் சேர்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே நீடிப்பதில்லை, பாசி நிறமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஆலிவ் என்று தனிப்பெயர். கருநீலமும் கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் நாவில் இயல்பாக வர, கருமஞ்சள் என்று யாரும் சொல்வதில்லை. சிவப்பில் இது மேல் முனையில் நடக்கிறது. வெள்ளை சேர்ந்த சிவப்பை ஆங்கிலம் பிங்க் என்று தனி நிறமாகவே பிரித்துவிட்டது, ரெட் என்ற சொல்லின் வரிசையில் பிங்க்கை வைக்க ஆங்கிலம் பேசுபவர் தயங்குவார். தமிழில் அது இளஞ்சிவப்பாக, சிவப்பின் வரிசையிலேயே முதல் படியாக நிற்கிறது.