இன்வாய்ஸ் புறப்பட்டது, ரசீது வந்து சேர்ந்தது

பணம் வந்துவிட்டது என்று வாடிக்கையாளருக்கு நாலு வரி நன்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் குறுக்கே வரும். ஒன்று இன்வாய்ஸ், மற்றொன்று ரசீது. பேச்சில் இரண்டையும் 'பில்' என்றே சொல்லி ஓட்டிவிடுகிறோம். எழுத்தில் அது எடுபடாது. நன்றிக் குறிப்பிலேயே அடுத்த ஆர்டரையும் அதற்கான இன்வாய்ஸையும் மெல்லச் சொல்ல நினைத்தால், இந்த இரண்டின் வேர்களைத் தெரிந்துகொள்வது கைகொடுக்கும்.

இன்வாய்ஸ் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த சொல். பிரெஞ்சில் 'அனுப்புதல்' என்று பொருள்படும் ஆன்வுவா என்ற சொல்லின் பன்மையிலிருந்து அது வந்தது. அதற்கும் அடியில் இருப்பது 'வழி' என்று பொருள் தரும் வியா என்ற லத்தீன் சொல். ஆக, வழியில் விட்டது, அனுப்பி வைத்தது. தூதரைக் குறிக்கும் என்வாய் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். பணம் கேட்கும் காகிதம் என்ற பொருள் இந்த வேரில் இல்லை. 'இன்னின்ன சரக்கை அனுப்பியிருக்கிறோம், இன்ன விலை' என்று சரக்கோடு போகும் பட்டியல்தான் இன்வாய்ஸ். வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்களே இன்று அந்தக் காகிதத்தை ஃபாக்தூர் என்கிறார்கள்.

ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது. ரசீதன் என்றால் வந்து சேர்தல்; ரசீத் என்றால் 'வந்து சேர்ந்தது'. ஒரு முழு வினைமுற்றே காகிதத்தின் பெயராகிவிட்டது. ஒரு வியாபாரத்தின் இரண்டு முனைகளுக்கும் இரண்டு வினைகள் அமைந்துவிட்டன. சரக்கு புறப்பட்டால் இன்வாய்ஸ், பணம் வந்து சேர்ந்தால் ரசீது. நன்றிக் குறிப்பின் முதல் பகுதி வந்து சேர்ந்ததைப் பற்றியது. அடுத்த ஆர்டரைச் சொல்லும் பகுதி புறப்படப் போவதைப் பற்றியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும்போதுதான் குறிப்பு கசக்கிறது.

இனி, தமிழில் எதை எழுதுவது? ரசீதுக்குப் பற்றுச்சீட்டு என்ற நல்ல சொல் இருக்கிறது. பற்றுதல் என்றால் கையில் வாங்கிக்கொள்ளுதல். இலங்கைத் தமிழில் இது இயல்பாகவே புழங்குகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் 'பற்று' என்றால் வரவுக்கு எதிர்ப்பக்கம். 'அவர் பேரில் பற்று இருக்கிறது' என்றால் அவர் தர வேண்டியது இருக்கிறது என்று பொருள். பணத்தைக் கட்டி முடித்தவருக்குப் பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறோம் என்று எழுத, அவர் இன்னும் ஏதோ பாக்கி என்று நினைக்கவும் இடமுண்டு. நான் ரசீது என்றே எழுதுகிறேன். தமிழில் ஊறிப்போன சொல், யாருக்கும் ஐயம் வராது.

இன்வாய்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். பரவலாக எழுதப்படுவது விலைப்பட்டியல். என்னென்ன பொருள் என்ன விலை என்று பொதுவாக அச்சிட்டுத் தரும் தாளுக்கும் அதே பெயர்தான். கணக்குப்பதிவியல் பாடநூல்களில் இடாப்பு என்று பார்த்திருக்கலாம். அது பதிவேடு என்ற பொருளிலும் வழங்குகிறது. இலங்கையில் வாக்காளர் இடாப்பு என்றால் வாக்காளர் பட்டியல். விலைச்சிட்டை என்போரும் உண்டு. எனக்குப் பிடித்த சொல் அதுதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு விளக்க வேண்டியிருக்கும். நன்றிக் குறிப்பு சொல்லாக்கத்துக்கான இடமில்லை. விலைப்பட்டியல் என்றே எழுதி அதோடு எண்ணைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. பொதுவான விலைத் தாளுக்கு வரிசை எண் கிடையாது. 'விலைப்பட்டியல் எண் 118' என்று வந்தாலே அது இன்வாய்ஸ்தான்.

இப்போது ஒரு குறிப்பைக் கையில் எடுப்போம். சோப்பு தயாரிக்கும் ஒருவருக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கும் அச்சகம் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

> தங்கள் பேமெண்ட் பெறப்பட்டது. நன்றி. அடுத்த இன்வாய்ஸும் விரைவில் அனுப்பப்படும். உரிய நேரத்தில் செலுத்தவும்.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கிப் படிப்பவர் முகம் சுருங்கும். முதல் காரணம் 'இன்வாய்ஸும்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்'. பணம் வந்ததையும் அடுத்த கேட்பையும் அது ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. நன்றி சொன்னதே இதற்காகத்தானா என்று தோன்றும். இரண்டாவது, 'உரிய நேரத்தில்'. போன முறை நேரத்துக்குக் கட்டியவருக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. சொன்னால், போன முறை தாமதமானது என்ற குத்தலாகிவிடும். மூன்றாவது, 'செலுத்தவும்' என்ற ஏவல். அபராத அறிவிப்பில் இருக்க வேண்டிய வினை அது. முன்னால் 'தயவுசெய்து' சேர்த்தாலும் அதன் விறைப்பு குறையாது.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, எந்தப் பணம் என்றே குறிப்பு சொல்லவில்லை. செய்ந்நன்றி என்ற பழைய தொடரில் நன்றி என்பது செய்த உதவியையே குறிக்கும். அதை உணர்வதுதான் செய்ந்நன்றி அறிதல். எதைச் செய்தார் என்று சொல்லாமல் நன்றி என்று மட்டும் எழுதினால் அது வெறும் முத்திரை. கணக்குப் பார்ப்பவருக்கோ இன்னும் தொல்லை: ஒரே மாதத்தில் மூன்று தொகை அனுப்பியிருந்தால் எது போய்ச் சேர்ந்தது என்று தேட வேண்டும்.

திருத்தியது இப்படி:

> வணக்கம். விலைப்பட்டியல் எண் 118க்கான 48,500 முழுவதும் மார்ச் 3 அன்று எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இனி பாக்கி இல்லை. ரசீதை இணைத்திருக்கிறோம். தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அனுப்பிவைத்தீர்கள், நன்றி.
>
> நீங்கள் உறுதி செய்த அடுத்த 5,000 லேபிள்கள் இப்போது அச்சில் இருக்கின்றன. மார்ச் 12 அன்று உங்களிடம் வந்துவிடும். அதற்கான விலைப்பட்டியல் பெட்டியோடு வரும். வழக்கமான 30 நாள் தவணைதான், ஏப்ரல் 11 வரை.

முதல் பத்தியில் வினைகள் எல்லாம் நடந்து முடிந்தவை. எண், தொகை, நாள், பாக்கி இல்லை என்ற செய்தி, அதன் பிறகே நன்றி. அங்கே நன்றிக்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாவது பத்தி பணத்தில் தொடங்கவில்லை, லேபிளில் தொடங்குகிறது. அவருக்கு என்ன வரப் போகிறது என்பது முன்னால், அவர் என்ன தர வேண்டும் என்பது பின்னால். 'பெட்டியோடு வரும்' என்று சொல்லும்போது இன்வாய்ஸ் தன் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறது, சரக்கோடு வழியில் வரும் பட்டியலாக. 'செலுத்தவும்' போய் 'ஏப்ரல் 11 வரை' வந்தது. நாளைச் சொல்லிவிட்டால் கட்டளை தேவைப்படாது. '30 நாள்' என்று மட்டும் விட்டால் பட்டியல் தேதியிலிருந்தா, சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்தா என்று பிறகு வழக்கு வரும். இங்கே இரண்டும் மார்ச் 12 என்பதால் தப்பித்தோம். வேறாக இருந்தால் எதிலிருந்து எண்ணுகிறோம் என்று எழுதியே ஆக வேண்டும்.

இந்த இரண்டாவது பத்தி, ஆர்டர் உறுதியாகிவிட்டால் மட்டும் செல்லும். உறுதி இல்லாதபோது 'அடுத்த விலைப்பட்டியல்' என்று எழுதுவது, புறப்படாத சரக்குக்குப் பட்டியல் போடுவது. இதை நிறையப் பேர் செய்கிறார்கள், வாங்குபவரும் 'நான் எப்போது ஆர்டர் கொடுத்தேன்' என்று சிடுசிடுக்கிறார். அந்த நிலையில் அனுப்பத் தக்கது விலைப்புள்ளி, அதுவும் அவர் கேட்ட பிறகு. குறிப்பில் இவ்வளவு போதும்:

> 118இல் அடித்த லேபிளின் அச்சுத் தகடு எங்களிடம் அப்படியே இருக்கிறது. இருப்பு குறையும்போது ஒரு வரி சொன்னால், 9 நாளில் அடித்துத் தந்துவிடலாம்.

பணம் என்ற பேச்சே இதில் இல்லை. தகடு இருக்கிறது என்ற செய்தி அவருக்கு உண்மையிலேயே பயன்படும். 9 நாள் என்பது எப்போது சொல்ல வேண்டும் என்பதை அவரே கணக்கிட உதவும். 'தங்கள் மேலான ஆர்டரை ஆவலுடன் எதிர்நோக்கி' என்பதில் இந்த இரண்டும் கிடைக்காது. ஆர்டருக்கு மேலானது கீழானது உண்டா என்ன.

'வந்து சேர்ந்தது' என்பதையும் அளந்துதான் எழுத வேண்டும். காசோலை கைக்கு வந்தால் காசோலைதான் வந்தது, பணம் வரவில்லை. அப்போது 'காசோலை கிடைத்தது, வங்கியில் பணமானதும் ரசீது அனுப்புகிறோம்' என்பதோடு நிறுத்த வேண்டும். தொகை குறைந்து வந்தாலும் இதே எச்சரிக்கை. ஒருமுறை நான் கணக்கைப் பார்க்காமல் 'முழுத் தொகையும் கிடைத்தது, பாக்கி இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். வழியில் வங்கிக் கட்டணம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருந்தது. மறுவாரம் மீதியைக் கேட்டபோது என் கடிதத்தையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. குறைவாக வந்தால், '48,500இல் 48,150 வந்து சேர்ந்தது. 350 வங்கிக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டிருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியுமா?' என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆர்டர் பேச்சை அந்தக் கடிதத்தில் எடுக்காமல் இருப்பது நல்லது. பாக்கிக்கு நடுவே வரும் ஆர்டர் பேச்சு, 'அதைக் கட்டினால்தான் இதை அடிப்போம்' என்ற மிரட்டலாகக் கேட்கும்.

மின்னஞ்சலில் இன்னும் இரண்டு இடம் சறுக்கும். தலைப்பு வரியில் 'இன்வாய்ஸ்' என்ற சொல் இருந்தால் பணம் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், உள்ளே எவ்வளவு நன்றி இருந்தாலும். 'எண் 118: பணம் வந்தது, நன்றி' என்று போட்டால் திறப்பதற்கு முன்பே செய்தி போய்விடும். இணைப்பில் ரசீது மட்டும் இருக்கட்டும். புது விலைப்பட்டியலையும் சேர்த்து அனுப்பினால், கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் தீர்ந்த கணக்கின் கோப்பில் போட்டுவிடுவார். முப்பது நாள் கழித்துக் கேட்டால் 'அப்படி ஒன்று வரவே இல்லையே' என்பார், நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். புதுப் பட்டியல் அதன் நாளில், அதன் எண்ணோடு, தனியாகப் போகட்டும்.

நாள்பட்ட வாடிக்கையாளர் என்றால் இவ்வளவு முறை கூட வேண்டாம், கைப்பேசியில் ஒரு செய்தி போதும்: 'சார், 118க்குப் பணம் வந்தாச்சு, ரசீது மெயில்ல இருக்கு. அடுத்த லாட் 12ஆம் தேதி வந்துடும்.' பாரசீகத்து ரசீத் இங்கே 'வந்தாச்சு' ஆகிவிட்டது. இன்வாய்ஸ் என்ற சொல்லே இல்லை. லாட் வரும்போது அது கூடவே வரும் என்று அவருக்குத் தெரியும்.