கணவாய்: ஒன்றரை நிமிடமா, ஒன்றரை மணிநேரமா?

கணவாயைச் சூடான தாச்சியில் போட்டு ஒன்றரை நிமிடத்தில் எடுத்தால் மென்மையாக இருக்கும். பத்து நிமிடத்தில் எடுத்தால் இறப்பர். இறக்காமல் அப்படியே குழம்பில் விட்டுவைத்தால், ஒரு மணிநேரத்துக்குமேல் போனபின் மறுபடியும் மென்மையாகிவிடும். மீனோ உருளைக்கிழங்கோ இப்படித் திரும்பிவருவதில்லை.

காரணம் அதன் உடலில் இருக்கிறது. கணவாய் தன் உடற்பையைச் சட்டென்று சுருக்கி, உள்ளே இருக்கும் நீரைப் பீச்சியடித்துத்தான் பாய்ந்து ஓடும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே! அதனால் பையின் சுவரில் மிக மெல்லிய தசைநார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சில நார்கள் பையைச் சுற்றி வளைய, சில சுவரைக் குறுக்கே கடக்கின்றன. இவற்றை உள்ளும் புறமும் கொலாஜன் என்ற புரதத்தாலான தாள்கள் இறுகப் பிடித்திருக்கின்றன. சாதாரண மீனின் சதையில் இருப்பதைவிடப் பல மடங்கு கொலாஜன் இதில் உண்டு. அந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைந்தும் இருக்கும்.

சூடு ஏறும்போது முதலில் மாறுவது தசைப் புரதம். சதை 55 பாகை செல்சியசைத் தாண்டும்போது கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாகும். ஈரம் இன்னும் உள்ளேயே நிற்கும். சுமார் 60 பாகையில் கொலாஜன் தாள்கள் சுருங்கத் தொடங்குகின்றன. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல அவை தசைநார்களை நெரித்து, உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளிவிடும். வளையங்கள் சுருண்டு சிறுப்பதும், தாச்சியில் திடீரென்று தண்ணீர் நிற்பதும் இதனால்தான். சுருங்கிய கொலாஜனும் வறண்ட நாரும் சேர்ந்ததுதான் அந்த இறப்பர்.

சுருங்கிய கொலாஜனை ஈரச் சூட்டிலேயே தொடர்ந்து வைத்திருந்தால், அதன் பிணைப்புகள் மெல்ல மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரையும். பிழிந்துபோன நீர் திரும்பாது. நார்களுக்கிடையே வழுவழுப்பாகப் பரவும் ஜெலட்டின்தான் மென்மையைத் தருகிறது. ஆகவே நீண்ட நேரம் வெந்த கணவாய் ஒருபோதும் ஒரு நிமிடக் கணவாய்போல் இருக்காது. எனக்குக் குழம்பில் வெந்ததுதான் பிடிக்கும், அது வேறு கதை.

மலையகத்தில் இந்த இரண்டாம் வழி கொஞ்சம் நீளம். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் கொதிநிலை சுமார் 96 பாகை, நுவரெலியாவில் சுமார் 94. கொலாஜன் கரையும் வேகம் சூட்டைப் பொறுத்தது. எனவே நீர்கொழும்பு அக்கா “ஒரு மணிநேரம் போதும்” என்றால், நுவரெலியாச் சமையலறையில் அதற்குமேலும் பொறுக்க வேண்டியிருக்கும். அடுப்பைக் கூட்டினாலும் தண்ணீர் அந்த 94ஐத் தாண்டாது, குழம்புதான் வற்றும்.

அரைக் கிலோ கணவாயை எடுத்துக்கொள்வோம். பாதியைப் பொரிக்கலாம். மலைக்கு வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது, அல்லது உறைந்தது. தண்ணீர் நிறைய விடும். வளையங்களாக வெட்டித் துணியால் நன்றாக ஒற்றியெடுக்காவிட்டால், எண்ணெயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பொரியவேண்டியது தன் தண்ணீரிலேயே அவியும். பலர் வீட்டில் கணவாய் கெடுவது இந்த இடத்தில்தான். எண்ணெய் புகையத் தொடங்கும்போது ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். ‘சுர்’ என்ற சத்தம் அடங்கிச் சலசலப்பாக மாறினால் சூடு இறங்கிவிட்டது என்று பொருள். வெள்ளையானதும் உடனே தட்டுக்கு மாற்ற வேண்டும். தாச்சியில் கிடந்தால் அடுப்பை அணைத்த பின்னும் வேகும். தடித்த கணவாய் என்றால் உட்பக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் மேலாகக் கீறிவிடுவது நல்லது. கொலாஜன் தாள் அறுபடும், சூடும் விரைவாக உள்ளே போகும். கடைகளில் கிடைக்கும் ஹொட் பட்டர் கணவாயும் இந்தக் குறுகிய வழியில் செய்வதுதான்.

மற்றப் பாதியை வதக்கிய வெங்காயம், தூள், கொறுக்காய்ப்புளி, இரண்டாம் பாலுடன் மூடி, சிறு தீயில் வையுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் மனம் உடைந்துவிடும். பலர் அப்போதுதான் பயந்து இறக்குகிறார்கள். அங்கே நிறுத்துவதைவிடக் கேடு வேறில்லை. தண்ணீர் குறைந்தால் சுடுநீர் ஊற்றித் தொடர வேண்டும். முள்ளுக்கரண்டி தடையில்லாமல் இறங்கும்போதுதான் வேலை முடிந்தது. புளியின் அமிலமும் கொலாஜன் கரையக் கொஞ்சம் உதவும். முதல் பாலை ஆரம்பத்திலேயே ஊற்றினால் இவ்வளவு நேரக் கொதிப்பில் திரிந்துபோகும்; அது கடைசியில்தான்.

அவ்வளவு காஸ் செலவழிக்க மனமில்லையென்றால் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதன் எடை வால்வு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இன்னொரு மடங்கு அளவு அழுத்தத்தைச் சேர்க்கிறது. கடற்கரையில் உள்ளே 121 பாகை வரை ஏறும். நுவரெலியாவில் 118 அளவில் நிற்கும். திறந்த சட்டியில் 94 பாகையோடு மல்லுக்கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்: இருபது நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கியபின் திறந்து, ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். இன்னும் இழுத்தால் மூடி மறுபடி ஐந்து நிமிடம்.