“இணக்க நடத்தை”யா? புழங்குதிறன்னு சொல்லுங்கப்பா

போன மாசம் ஒரு அம்மா ஃபைலைத் தூக்கிட்டு வந்தாங்க. பையனுக்கு 12 வயசு, அறிவுசார் குறைபாடு. ரிப்போர்ட்டைத் தமிழ்ல மாத்திக் குடுத்தவங்க “இணக்க நடத்தை: குறைவு”ன்னு எழுதியிருக்காங்க. அந்தம்மா கண்ணு கலங்கி, “சார், எம்புள்ள யார்கிட்டயும் அடம் பிடிக்க மாட்டானே, சொன்ன பேச்சு கேப்பானே, எதுக்கு இப்படி எழுதிருக்காங்க?”ன்னு கேக்குறாங்க. இதோட எத்தனாவது தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்.

மூலச்சொல் அடாப்டிவ் பிஹேவியர். லத்தீன்ல பொருந்த வைக்கிறதுன்னு அர்த்தம் வர்ற சொல்லுலேர்ந்து வந்தது, வேர்க்கதை அவ்ளோதான். வயசுக்கும் ஊருக்கும் ஏத்தமாதிரி ஒருத்தர் அன்றாடம் தானா செய்யுற காரியங்களைத்தான் இந்தத் துறையில அப்படிச் சொல்றாங்க. காசு, நேரம், எழுத்து ஒரு பக்கம். மனுஷங்களோட பழகுறது, ஏமாத்துறவனை அடையாளம் தெரிஞ்சுக்கறது இன்னொரு பக்கம். குளிக்கிறது, உடுத்துறது, பஸ் ஏறுறது மூணாவது.

இதுல இணக்கம் எங்கருந்து வந்துச்சு? இணக்கம்னா ஒத்துப்போறது, படிஞ்சு நடக்கிறது. “நடத்தை” இன்னும் மோசம், நம்ம ஊர்ல நடத்தைன்னாலே ஒழுக்கம்தான், டிசி வாங்கும்போது நன்னடத்தைச் சான்றிதழும் சேத்துத்தானே குடுக்குறாங்க. போதாததுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்ல கடிக்கிறது, தலையை முட்டிக்கிறது இதையெல்லாம் “நடத்தைப் பிரச்னை”ன்னு சொல்லி வச்சிருக்கோம், அதனால டீச்சரே கூட ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. சரி, “தகவமைப்பு நடத்தை”ன்னு போடலாமான்னா அது ஒட்டகத்துக்கும் கள்ளிச்செடிக்கும் பயாலஜி புக்ல குடுத்தாச்சு. “வாழ்க்கைத் திறன்” பரவால்ல, ஆனா அது ஸ்கூல்ல தன்னம்பிக்கை வகுப்புக்குப் போயிடுச்சு.

நான் சொல்றது புழங்குதிறன். காசு புழங்குறோம், பாத்திரம் புழங்குறோம், நாலு பேரோட புழங்குறோம். மேல சொன்ன மூணு பக்கமும் ஒரே வினைக்குள்ள அடங்குது பாருங்க. இன்னொரு வசதி, புழங்குறதுன்னா தினமும் செய்யுறது. அளவீட்டோட உயிரே அங்கதான் இருக்கு: செய்யத் தெரியுமாங்கறது கேள்வி இல்ல, வழக்கமா செய்யுறானாங்கறதுதான் கேள்வி.

1935ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருக்கற வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில எட்கர் டால்ங்கற உளவியலாளர் இதுக்கு ஒரு அளவுகோல் செஞ்சார். அதை நாக்பூர்ல மாலின்ங்கறவர் நம்ம நாட்டுக்கு ஏத்தமாதிரி மாத்தினார், இங்க இன்னமும் பெரும்பாலும் அதைத்தான் வச்சுப் பாக்குறாங்க. பிள்ளைகிட்ட பரீட்சை வைக்கிறதில்ல, கூட இருக்கறவங்ககிட்ட கேட்டுத்தான், எந்த வயசுப் பிள்ளை அளவுக்குச் செய்யுறான்ங்கற சமூக வயசைக் கணக்கு பண்றது. அதை நிஜ வயசால வகுத்து 100ஆல பெருக்கினா சமூக ஈவு.

நான் பாத்த ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் 12 வயசு, ஐ.க்யூ ரெண்டு பேருக்கும் 58. ஒருத்தன் மளிகைக் கடைக்கு 100 ரூபாயோட போய் பால் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணாம அப்படியே கொண்டு வந்துடுவான், தானே குளிச்சு உடுத்திக்குவான். சமூக வயசு 8, ஈவு 67. இன்னொருத்தனுக்கு அம்மா இன்னும் ஊட்டி விடுறாங்க, பட்டன் போட்டு விடுறாங்க, வாசல் தாண்ட விடுறதில்ல. சமூக வயசு 6, ஈவு 50. முதல் பையனுக்குச் சில்லறைக் கணக்கு மட்டும் கூட நின்னு பழக்கினா போதும். ரெண்டாவது பையனுக்குத் தினமும் காலைல ஒரு மணி நேரம் பக்கத்துல ஆள் வேணும். 58ங்கற நம்பர் இதுல எதையாவது சொல்லுச்சா? ஐ.க்யூலயே அஞ்சு பாயின்ட் முன்னபின்ன அளவுப் பிழை இருக்கு, கீழ போகப் போக நம்பகமும் குறையும். அதனாலதான் 2013ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போட்ட டிஎஸ்எம்-5 கையேடு இந்தக் குறைபாட்டை லேசு, மிதம், கடுமைன்னு பிரிக்கிறதை ஐ.க்யூலேர்ந்து எடுத்துட்டு புழங்குதிறன் பக்கம் வச்சுடுச்சு.

இதுலயும் கோளாறு வரும். பெத்தவங்க பாசத்துல “அவன் எல்லாம் செய்வான் சார்”ம்பாங்க, இல்லன்னா மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கணுமேன்னு “ஒண்ணுமே தெரியாது”ம்பாங்க. அதான் டீச்சர்கிட்டயும் தனியா கேக்கணும். “நேத்து காலைல யாரு பட்டன் போட்டது?”ன்னு கேட்டா பதில் மாறிடும். அந்த ரெண்டாவது பையன் ஸ்கூல்ல தானாத்தான் சாப்பிடுறான்! அப்போ திறன் இல்லைன்னு இல்ல, வீட்ல வாய்ப்பு குடுக்கல. ரிப்போர்ட்ல அதைப் பிரிச்சு எழுதணும், வெறும் “குறைவு”ன்னா எப்படி?

சரி, அந்தம்மாகிட்ட வருவோம். அந்த வரியை அடிச்சுட்டு, “புழங்குதிறன்: காசு, பஸ் ரெண்டுலயும் துணை வேணும், மத்ததைத் தானே பாத்துக்குவான்”ன்னு பென்சில்ல எழுதிக் காட்டினேன். படிச்சுட்டு, “ஆமா சார், பஸ்ஸுதான் கஷ்டம், நம்பர் மாத்தி ஏறிடுறான்”னு சொன்னாங்க.