ஸ்ட்ரெப் த்ரோட்: தமிழில் என்ன சொல்வது?

'ஸ்ட்ரெப்' என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாப் பெயரின் சுருக்கம். கிரேக்கத்தில் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் முறுக்கியது, 'கொக்கோஸ்' என்றால் மணி அல்லது விதை. முறுக்குச் சங்கிலியில் கோத்த மணிகள்போல் தெரிந்த இந்தக் கிருமிகளுக்கு வியன்னாவின் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் 1874இல் வைத்த பெயர் இது. தமிழில் 'சங்கிலிக்கோளத் தொண்டை அழற்சி' எனலாம். எழுத்தில் சரி, வாயில் நுழையாது. 'ஸ்ட்ரெப் தொண்டை அழற்சி' போதும்.

'தொண்டைக்கட்டு' என்று மட்டும் பெயர்க்காதீர்கள். அது குரல் கம்முவது. குரல் கம்மினால், கூடவே இருமலும் மூக்கொழுகலும் இருந்தால், பெரும்பாலும் வைரஸ்தான். ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது.

தொண்டை வலி ஸ்ட்ரெப்பாக இருக்குமா என்று கணிக்க மெக்ஐசக் மதிப்பெண் உண்டு. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்க நெறி தொட்டால் வலிப்பது, டான்சில் வீக்கம் அல்லது சீழ்: ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வயது 3 முதல் 14 என்றால் ஒன்று கூட்டு, 45 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கழி.

எட்டு வயதுச் சிறுமிக்கு 38.5 டிகிரி காய்ச்சல், இருமல் இல்லை, நெறி வலிக்கிறது, டான்சில் சிவந்திருக்கிறதே தவிர வீங்கவில்லை. மூன்று புள்ளி, வயதுக்கு ஒன்று, ஆக நான்கு. இதே அறிகுறிகள் ஐம்பது வயதுக்காரருக்கு இருந்தால் இரண்டுதான். நான்கு வந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்மையில் ஸ்ட்ரெப் இருக்கும். ஆகவே மதிப்பெண் சொல்வது சோதிக்க வேண்டுமா என்பதைத்தான். நோய் இன்னது என்பதை அல்ல.

சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் அழுத்தித் துடைக்க வேண்டும். டான்சிலைப் பலர் 'உள்நாக்கு' என்கிறார்கள். உள்நாக்கு நடுவில் தொங்கும் சிறு சதை. அதையும் நாக்கையும் கன்னத்தையும் குச்சி தொடக்கூடாது. அங்கே துடைத்தால் கிருமி சிக்காமல், இருக்கும் நோயும் இல்லை என்று வரும். விரைவுச் சோதனையின் முடிவு சில நிமிடங்களில் தெரியும். குழந்தைக்கு அதில் 'இல்லை' என்று வந்தால், அந்தச் சோதனை சில தொற்றுகளைத் தவறவிடும் என்பதால், துடைத்தெடுத்ததில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் கல்ச்சரும் செய்வது வழக்கம். அதற்கு ஓரிரு நாள் ஆகும்.

காத்திருப்பதால் ஆபத்தில்லை. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும், ஸ்ட்ரெப்பின் பின்விளைவாக மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். வாய்வழி மருந்தென்றால், வலி மூன்றாம் நாளே போனாலும் பத்து நாளும் சாப்பிட வேண்டும்.

ருமாட்டிக் காய்ச்சலை 'வாதக் காய்ச்சல்' எனலாம். 'முடக்குவாதம்' வேறு நோய். கிருமியை எதிர்க்கும் உடலின் தற்காப்பு, அதன் சாயலுள்ள சொந்தத் திசுக்களையும் தாக்குவதால் வாதக் காய்ச்சல் வருகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கும், மறுநாள் கணுக்கால் வீங்கும். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். இதய வால்வில் விழும் தழும்பு ஆறாமல் நின்றுவிடலாம்.