பிளந்த கரும்பில் சிவப்பு: புழுவா, செவ்வழுகலா?

கரும்பை நெடுக்காகப் பிளந்து கைபேசியில் படமெடுத்து, “உள்ளுக்குச் சிவந்திருக்கிறது, என்ன நோய்?” என்று கேட்பவர்கள் திருகோணமலைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கந்தளாய்ச் சீனி ஆலை மூடப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. ஆனாலும் பொங்கலுக்கென்று தோட்டத்து ஓரத்தில், வாய்க்கால் கரையில் நாலைந்து தூறு கரும்பு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “சிவப்பா? அப்படியென்றால் செவ்வழுகல், பிடுங்கி எரியுங்கள்.” சில வேளை அது சரியாக இருக்கும். பல வேளை நல்ல தூறு ஒன்று வீணாக எரிந்துபோகும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், சிவப்பு என்ற அடையாளத்தை மட்டும் நம்புவது. செவ்வழுகலை உண்டாக்கும் பூஞ்சணத்தின் பெயர் கொல்லெட்டோட்ரைக்கம் ஃபல்காட்டம். ஜாவாவில் 1893இல் வெண்ட் என்ற ஒல்லாந்து ஆய்வாளர் இதை விவரித்தார். ஆனால் பிளந்த தண்டில் நாம் காணும் சிவப்பு இந்தப் பூஞ்சணத்தின் நிறம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சிவப்பைக் கரும்பே சுரக்கிறது. தன் உயிரணுக்கள் சிதைக்கப்படும் இடத்தில் லூட்டியோலினிடின், அப்பிஜெனினிடின் போன்ற நிறமிகளைக் கரும்பு உருவாக்குகிறது. பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்பு இவற்றுக்கு உண்டு. நோயைத் தாங்கும் இனங்கள் இவற்றை விரைவாகவும் கூடுதலாகவும் சுரந்து, கிருமி நுழைந்த இடத்திலேயே அதை மடக்கிவிடுகின்றன. ஆகவே சிறிய இடத்தில் அடர்ந்து, ஓரம் தெளிவாக நிற்கும் சிவப்பு, கரும்பு வென்றுகொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

புழு துளைத்தாலும் இதே தற்காப்பு நடக்கும். கத்தி பட்டாலும், எலி கடித்தாலும் நடக்கும். அதனால் படத்தைப் பார்க்கும்போது “சிவப்பு இருக்கிறதா” என்று கேட்பதில் பயனில்லை. சிவப்பு எதைச் சுற்றி இருக்கிறது, எங்கே நிற்கிறது, அதன் நடுவே வெள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் அந்த வெள்ளையைச் சொல்கிறேன், ஏனென்றால் செவ்வழுகலைக் காட்டிக்கொடுப்பது அதுதான். நோய் பிடித்த தண்டைப் பிளந்தால், சிவந்த சதையின் நடுவே தண்டுக்குக் குறுக்காக வெளிறிய திட்டுகள் தெரியும். நீள்வாக்கில் ஓடும் சிவப்பை ஆங்காங்கே குறுக்கே வெட்டினாற்போல அவை கிடக்கும். நோயைத் தாங்காத இனங்களில் இந்தத் திட்டுகள் பெரிதாகவும் பலவாகவும் இருக்கும். தாங்கும் இனங்களில் சிறியனவாக இருக்கும், அல்லது இருக்கவே மாட்டா. நோய் முற்றிய தண்டில் நடுச்சதை சுருங்கிக் குழிவிழுந்து, குழிக்குள் சாம்பல் நிறப் பூஞ்சண இழைகள் படர்ந்திருக்கும். பிளந்தவுடன் புளித்த கள்ளின் மணம் அடிக்கும். கரும்புச் சாற்றின் சீனியை உடைக்கும் நொதியம் இந்த நோயில் பெருகுவதால், கடித்துப் பார்த்தால் இனிப்பும் குறைந்திருக்கும்.

அடுத்தது கணு. கணு என்பது ஓரளவுக்குத் தடுப்புச்சுவர். பூஞ்சணம் கணுவைத் தாண்டுகிறதா, எத்தனை கணுக்களைத் தாண்டியிருக்கிறது என்பது நோயின் வலுவைச் சொல்லும். ஒரு கரும்பினம் செவ்வழுகலைத் தாங்குமா என்று சோதிக்கும் ஆய்வாளர்கள் தண்டில் துளையிட்டுக் கிருமியைச் செலுத்தி, ஏறத்தாழ அறுபது நாள் கழித்துப் பிளந்து பார்க்கிறார்கள். அவர்கள் மதிப்பெண் போடுவது நான்கு விடயங்களுக்கு: உச்சித் தோகை பச்சையா காய்ந்ததா, சிவப்பின் அகலம், வெள்ளைத் திட்டு, தாண்டிய கணுக்களின் எண்ணிக்கை. வீட்டில் படம் பார்க்கும் நமக்கும் இந்த நான்கே போதும்.

இனிப் புழு. நம் பகுதியில் தண்டு திரண்ட பிறகு துளைப்பது பெரும்பாலும் இடைக்கணுப் புழு. வெண்மையான உடலில் நீளவாட்டில் ஊதாக் கோடுகள் ஓடும், தலை பழுப்பாக இருக்கும். இளம் புழு முதலில் மேலிருக்கும் தோகையின் மென்மையான பகுதியைச் சுரண்டித் தின்கிறது. பிறகு கணுவுக்கு அருகே துளையிட்டு உள்ளே போகிறது. துளை வாயில் ஈரமான எச்சம் அடைத்திருக்கும். தாக்கப்பட்ட இடைக்கணு குட்டையாகி, இறுகி நிற்கும். பிளந்தால் தெளிவான சுரங்கம் தெரியும். அதன் சுவரைச் சுற்றிச் சிவப்பு ஒரு கரைபோல ஓடும், கரைக்கு அப்பால் சதை வெள்ளையாகவும் சாறு நிறைந்தும் இருக்கும். உள்ளே புழு, கூட்டுப்புழு, தூளான எச்சம் ஏதாவது ஒன்று அநேகமாக அகப்படும்.

ஆனால் படம் நம்மை ஏமாற்றும் இடமும் இங்கேதான். கத்தி எப்போதும் சுரங்கத்தின் நடுவாகப் போவதில்லை. சுரங்கத்தை உரசிக்கொண்டு போனால் துளையே தெரியாது, ஒரு சிவந்த கோடுதான் தெரியும். அதைச் செவ்வழுகல் என்று வாசித்துவிடுவது எளிது. இதனால்தான் பிளந்த முகத்தின் படம் மட்டும் போதாது. அதே தண்டைப் பிளக்கும் முன்பு சுற்றித் திருப்பி எடுத்த படமும் வேண்டும். பட்டையில் துளை இருக்கிறதா என்று அது சொல்லும்.

இதற்கு ஒரு உண்மையான நிலைமையைப் படிப்படியாகப் பார்ப்போம். தம்பலகாமத்தில் இருக்கும் மாமா ஒருவர் வாய்க்கால் ஓரக் கரும்பை வெட்டிப் படம் அனுப்பினார். “தம்பி, உள்ளுக்குச் சிவத்துக் கிடக்கு. புழுவா, நோயா?” என்று கேட்டார். முதல் படம் குறுக்காக வெட்டிய துண்டு. நடுவே ஒரு சிவப்பு வட்டம். குறுக்கு வெட்டில் இதற்கு மேல் எதுவும் தெரியாது. எந்த நோயானாலும் காயமானாலும் அதில் ஒரு வட்டமாகத்தான் விழும். நாலைந்து கணுவாவது வரும்படி நெடுக்காகப் பிளக்கச் சொன்னேன்.

இரண்டாம் படத்தில் மேல்பாதித் தண்டு. கணுவை ஒட்டி ஒரு துளை, அதிலிருந்து இரண்டு இடைக்கணுவுக்கு ஓடும் சுரங்கம், அதை அணைத்தபடி மெல்லிய சிவப்புக் கரை. சுரங்கம் முடியும் இடத்தில் சிவப்பும் முடிகிறது. வெள்ளைத் திட்டு கிடையாது. இது இடைக்கணுப் புழு என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் படம் அதே தூறின் வேறொரு தண்டு, நிலத்தை ஒட்டிய அடிப்பகுதி. முழுவதும் மங்கலான சிவப்பு, ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்ததால் முகம் முழுவதும் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஃபிளாஷ் ஒளியில் வெள்ளைத் திட்டு கரைந்துபோகும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் நல்ல சதையும் பழுப்பேறித் தெரியும். மர நிழலில், பகல் வெளிச்சத்தில், புதிதாகப் பிளந்து உடனே எடுக்கச் சொன்னேன். “உடனே” என்பது முக்கியம். பிளந்த முகம் காற்றுப் பட்டுச் சிறிது நேரத்திலேயே பழுப்பாகத் தொடங்கும். முதல் நாளே வெட்டிப் போட்ட துண்டு என்றால் இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கிச் சிவந்திருக்கும், அதற்கு நோயுடன் தொடர்பில்லை. கறுப்புக் கரும்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: பட்டையின் ஊதாச் சாயத்தைக் கத்தி இழுத்துச் சதையில் பூசிவிடும். ஒரு தடவை துடைத்துவிட்டு எடுத்தால் அது போய்விடும்.

நிழலில் எடுத்த புதுப் படத்தில் கதை மாறிவிட்டது. சிவப்பு நான்கு இடைக்கணுக்களுக்கு ஓடியிருந்தது, மூன்று கணுக்களைத் தாண்டியிருந்தது. குறுக்கே வெளிறிய திட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. பட்டையில் துளை இல்லை. “மணந்து பாருங்கள்” என்றேன். “கள்ளு மாதிரிப் புளிச்ச மணம்” என்றார். அந்தத் தண்டின் உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது தோகைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காயத் தொடங்கியிருந்தன. செவ்வழுகல் வெளியே காட்டும் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். ஆனால் அது தெரியும்போது உள்ளே நிறைய நடந்து முடிந்திருக்கும்.

ஆக, ஒரே தூறில் இரண்டும் இருந்தன. இது அரிதான ஒன்றல்ல. புழுத் துளை, பூஞ்சணம் நுழைவதற்கு வாகான வழிதான். ஆனால் இந்தத் தூறில் நோய்கொண்ட தண்டின் அடியில் துளையே இல்லை. சிவப்பு கீழே அகன்றும் மேலே குறுகியும் இருந்ததால், நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டான கரணையிலிருந்தே கிருமி ஏறியிருக்க வேண்டும் என்று கருதினேன். கேட்டபோது, சென்ற ஆண்டுக் கரும்பிலிருந்துதான் கரணை வெட்டி நட்டதாகச் சொன்னார். செவ்வழுகல் தோட்டம்விட்டுத் தோட்டம் போவதற்கு முதன்மையான வழி இப்படி நோயுள்ள கரணைதான். மழைநீரும் வாய்க்கால் நீரும் அடுத்த வழிகள். மாரி மழையில் தண்ணீர் தேங்கும் தம்பலகாமம் போன்ற இடத்தில் இதைப் புறக்கணிக்க முடியாது.

வேறு சிலவும் படத்தில் இவற்றைப்போலத் தெரியக்கூடும். வாடல் நோயில் சதை மங்கிய செம்பழுப்பாகி நடுவே படகு வடிவக் குழிகள் விழும், ஆனால் குறுக்கு வெள்ளை இராது. கரணையில் அன்னாசி மணம் அடித்து உள்ளே கறுத்தால் அது அன்னாசி நோய் எனப்படும் வேறு பூஞ்சணம். படத்தை வைத்துத் துணிந்து சொல்ல முடியாத நேரத்தில் தண்டை ஈரம் படாமல் காகிதத்தில் சுற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுப்பதே சரி. உடவளவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி போவதற்கு அவர் வழி சொல்வார்.

இரண்டையும் பிரித்தறிவது ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்றால், செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. புழுத் தாக்கிய தண்டை மட்டும் வெட்டி அழித்து, காய்ந்த தோகைகளை உரித்து விட்டால் தூறு தேறும். செவ்வழுகல் வந்த தூறை மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. பூஞ்சணம் தண்டின் ஆழத்தில் இருக்கிறது. தூறை வேரோடு தோண்டி எரிக்க வேண்டும், கட்டையிலிருந்து மறுதாம்பு விடக் கூடாது, அங்கே தேங்கும் தண்ணீர் அடுத்த தூறுக்கு ஓடாமல் மறிக்க வேண்டும். மாமாவுக்குச் சொன்னது இதுதான். கூடவே, மற்றத் தூறுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தண்டை அடியிலிருந்து பிளந்து பார்க்கும்படியும், அவை சுத்தமாக இருந்தாலும் அந்தப் பாத்தியிலிருந்து இனிக் கரணை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். நோய்கொண்ட தண்டுத் துண்டுகள் மண்ணில் சில மாதங்கள் கிருமியைத் தாங்கி நிற்கும் என்பதால், தோண்டிய குழியில் இந்த வருடம் கரும்பு வேண்டாம், பயற்றை போடுங்கள் என்றேன்.